மூன்று பாட்டில் தண்ணீரும் பாதி இலையும்

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் பந்திக்காகச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். சித்தப்பாவுக்கு நல்ல பசி. காலையில் முகூர்த்த அவசரத்தில் காபியோடு சரி. பக்கத்தில் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்த 200 மில்லி தண்ணீர் பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் திறந்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று. இலை போட்டு உட்கார்ந்த பிறகு, பரிமாற வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மூன்றாவதும் ஆயிற்று.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பொரியல், கூட்டு, வடை, பருப்பு நெய் போட்டு இரண்டு கவளம், சாம்பார் சாதம் பாதி. வத்தக்குழம்பு வாளி வந்தபோது இலையின் மேல் கையை விரித்துத் தடுத்துவிட்டார். "போதும்பா, வேணாம்" என்றார் பரிமாறுகிறவரிடம். என் பக்கம் திரும்பி, "என்னமோ தெரியலடா, வயித்துல இடமே இல்ல" என்றார். ரசமும் பாயசமும் அவரைத் தாண்டிப் போயின. பாயசத்தைத் தாண்டிப் போகவிடுகிற மனிதர் இல்லை அவர்.

இரண்டரை மணிக்கெல்லாம் சமையல் கட்டுப் பக்கம் போய், பஜ்ஜி போட எண்ணெய் வைத்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சீக்கிரம் நிறைந்தது, சீக்கிரமே பசித்தது. இரண்டுக்கும் காரணம் அந்த மூன்று பாட்டில்தான். தண்ணீர் வயிற்றை ஏன் நிரப்புகிறது என்று கேட்டால், 'இடத்தை அடைத்துக்கொள்கிறது' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது பாதி பதில். எந்த இடம், எவ்வளவு நேரம், அதை மூளைக்கு யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால்தான் பஜ்ஜி வரைக்கும் கதை புரியும்.

முதலில் அளவு. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். விளிம்பு தளும்பாமல் 220 மில்லி வந்தது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய டம்ளர் 300. ஆராய்ச்சிகளில் 'சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய டம்ளர்' என்று கொடுப்பது பெரும்பாலும் 500 மில்லி. நம் கணக்கில் அது இரண்டு டம்ளருக்குச் சற்று மேல், அல்லது ஒரு சின்னச் சொம்பு. ஆகவே நாலு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு 'எனக்கொன்றும் நிறையவில்லையே' என்று சொன்னால் அந்தச் சோதனை செல்லாது.

இப்போது அந்தச் சொம்புத் தண்ணீர் போய்ச் சேரும் இடம். வெறும் வயிற்றில் இரைப்பை என்பது காற்றுப் போன பை. உள்சுவர் மடிப்பு மடிப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். 2014-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ஆய்வாளர்கள் பட்டினியாக வந்த 12 பேரை எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் படுக்க வைத்துப் படமெடுத்தபோது, அவர்கள் இரைப்பையில் இருந்த திரவம் சராசரியாக 35 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி அளவு. அதே பை ஒரு முழுச் சாப்பாட்டுக்கு ஒரு லிட்டருக்கு மேலேயும் விரிந்து கொடுக்கும்.

விரிந்து கொடுக்கும் என்றால் பலூன் மாதிரி, ஊத ஊத இறுகிக்கொண்டே போவதில்லை. நாம் விழுங்கும்போதே 'சரக்கு வருகிறது' என்று நரம்பு வழியாகச் சேதி போய், இரைப்பையின் மேல்பகுதித் தசை தானாகத் தளர்ந்துவிடுகிறது. இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டியவர் பந்தியில் உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது போல. அதனால்தான் முதல் சில கவளங்களில் நமக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. தளர்வு முழுதாகத் தீர்ந்து சுவர் நிஜமாகவே இழுபடத் தொடங்கும்போதுதான் செய்தி மேலே போகிறது.

செய்தியைக் கொண்டுபோவது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் தொடங்கி, கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை இறங்கும் நீளமான நரம்பு. மூளையிலிருந்து வயிற்றுக்கு ஆணை போடத்தான் இது இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மேலே தகவல் சொல்பவை. இரைப்பைச் சுவரின் தசை அடுக்குகளுக்குள் இந்த இழைகளின் முனைகள் வலை போலப் படர்ந்திருக்கின்றன. சுவர் இழுபட்டால் இவையும் இழுபடும், துடிக்கும்.

இங்கேதான் தண்ணீரின் சாமர்த்தியம். இந்த முனைகளுக்கு நாக்கு கிடையாது. சுவரை இழுத்தது நெய்ச்சோறா, குழாய்த் தண்ணீரா என்று அவற்றால் பிரித்தறிய முடியாது. இழுபட்டதா, எவ்வளவு இழுபட்டது என்று மட்டுமே அவை சொல்லும். 1988-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், ஆட்களின் இரைப்பைக்குள் சுருட்டிய பலூனை இறக்கி, அதில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். 400 மில்லியும் அதற்கு மேலும் நிரப்பியபோது அவர்கள் சாப்பிட்ட அளவு குறைந்தது. பலூனுக்குள் இருக்கும் தண்ணீர் உடம்போடு கலப்பதில்லை. அதில் சத்தும் இல்லை, சுவையும் இல்லை. வெறும் அகலம் மட்டுமே. அந்த அகலமே கையைக் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது.

சித்தப்பா குடித்தது 600.

ஆனால் பலூனுக்கும் பாட்டிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பலூன் உள்ளே இருக்கும். பாட்டில் தண்ணீர் இருக்காது.

இரைப்பையின் அடியில், சிறுகுடலுக்குப் போகும் வழியில், ஒரு தசை வளையம் இருக்கிறது. பைலோரஸ் என்பார்கள். வாசல்காரர் என்று வைத்துக்கொள்ளலாம், அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் அதுதான் பொருள். இந்த வாசல்காரர் ஆள் பார்த்து அனுப்புகிறவர். கெட்டியான உணவு வந்தால், கீழ்ப்பகுதித் தசை அதை மாவாக அரைத்துக் கொடுக்கும்வரை உள்ளே விடமாட்டார். சத்துள்ளது வந்தால், குடலின் வேகத்துக்கு ஏற்பச் சொட்டுச் சொட்டாகத்தான் அனுப்புவார். நிமிடத்துக்கு இரண்டு மூன்று கலோரிதான் பொதுவான கணக்கு. தண்ணீருக்கு மட்டும் எந்தக் கெடுபிடியும் இல்லை. அரைக்கவும் வேண்டாம், அளக்கவும் வேண்டாம்.

எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று அதே நாட்டிங்ஹாம் ஆய்வில் கண்ணால் பார்த்தார்கள். மாத்திரைச் சோதனைகளில் வழக்கமாகக் கொடுக்கும் 240 மில்லி தண்ணீரைக் குடிக்கவைத்து, அடுத்தடுத்துப் படமெடுத்தார்கள். சராசரியாக 13 நிமிடத்தில் பாதி கீழே இறங்கிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் இரைப்பை பழையபடி காலி. (குடலுக்குள் அது வாய்க்கால் மாதிரி ஓடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படத்தில் தெரிந்ததோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் குட்டைகள்.)

தண்ணீர் வெளியேறும் விதத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. நிறைய இருக்கும்போது வேகமாகப் போகும், குறையக் குறைய வேகமும் குறையும். அடியில் ஓட்டை விழுந்த குடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பாதி, பாதியில் பாதி என்று கணக்குப் போடலாம். 500 மில்லி குடித்தவருக்கு, பாதியாக ஒரு கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கால் மணியில் 250 மிஞ்சும், அரை மணியில் 125, முக்கால் மணியில் 60 சொச்சம். அரை மணி நேரம் கழித்து இலையில் உட்காருகிறவர் வயிற்றில் இருப்பது முக்கால் டம்ளர்கூட இல்லை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஆய்வுகளைப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றியவை சட்டென்று வரிசையில் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007-இல், மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஆண்களுக்கு 500 மில்லியும் பெண்களுக்கு 375 மில்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். 60 வயது தாண்டியவர்கள் சுமார் 60 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். இளைஞர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை, தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதே சாப்பாடு. 'அப்படியானால் இது வயதானவர்களுக்கு மட்டுமே பலிக்கும் வித்தை' என்று பலர் முடிவுகட்டினார்கள்.

பிறகு 2016-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. ஒல்லியான இளைஞர்கள், அதே மாதிரித் தண்ணீர், 568 மில்லி. ஒரே ஒரு மாற்றம்: அரை மணிக்கு முன்னால் இல்லை, சாப்பாட்டில் கை வைப்பதற்குச் சற்று முன்னால். அவர்கள் ஓட்ஸ் கஞ்சியை வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சாப்பிட்டார்கள். இளைஞர்களிடமும் வித்தை பலித்தது. முந்தைய ஆய்வில் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வித்தை செய்ய வேண்டிய தண்ணீர் வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். வயதானவர்களுக்கு இரைப்பை காலியாவது கொஞ்சம் மந்தப்படும். அதனால் அரை மணி கழித்தும் அவர்களுக்கு மிச்சம் இருந்திருக்க வேண்டும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிற விளக்கம்.

இதனால்தான், 'சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தண்ணீர் குடியுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அறிவுரையை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் தட்டு வருவதற்கு முன்னால் ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிப்பதே கணக்குக்கு ஒத்து வருகிறது. சித்தப்பா அறியாமல் செய்தது அதைத்தான். கடைசி பாட்டிலை இலை முன்னால் உட்கார்ந்து முடித்தார். முதல் பாட்டிலில் கொஞ்சம் கீழே போயிருக்கும். எப்படியும் உப்பும் ஊறுகாயும் வைக்கிற நேரத்தில் 400 மில்லிக்குக் குறையாமல் உள்ளே இருந்திருக்கும். அதன்மேல் சோறு வந்து விழுந்தது. தளர வேண்டிய சுவர் தண்ணீருக்கே பாதி தளர்ந்து முடித்துவிட்டது. மீதிக்குச் சாம்பார் சாதம் போதுமானதாகிவிட்டது.

இனி பஜ்ஜிக்கு வருவோம்.

வயிறு நிறைந்தது என்று மூளை முடிவு செய்ய இரண்டு சாட்சிகள் தேவை. முதல் சாட்சி இரைப்பை, அதற்குத் தெரிந்தது அளவு மட்டும். இரண்டாவது சாட்சி சிறுகுடல், அதற்குத் தெரிந்தது சத்து. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடும்போது அங்குள்ள செல்கள் சில ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவை வாசல்காரரை 'கொஞ்சம் நிறுத்து' என்று சொல்லும், மூளைக்கும் 'போதும்' என்று சொல்லும். தண்ணீர் குடலைத் தொட்டால் இவை எதுவும் நடப்பதில்லை. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் சத்துள்ள உணவு வந்தால் இறங்கும். வெறும் தண்ணீருக்கு அது அசைந்துகொடுக்காது.

இந்த இரண்டு சாட்சிகளையும் தனித்தனியாக நிறுத்தி விசாரித்த சோதனை ஒன்று உண்டு. 1996-இல் அமெரிக்காவில் பிலிப்ஸ், பவ்லி என்ற இருவர் எலிகளின் பைலோரஸைச் சுற்றி, வெளியிலிருந்து ஊதி இறுக்கக்கூடிய ஒரு சிறு பட்டையைப் பொருத்தினார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் கட்டுவார்களே, அதன் குட்டி வடிவம். பட்டையை இறுக்கி வாசலை மூடிவிட்டு இரைப்பைக்குள் உப்புநீரை விட்டார்கள். எலி சாப்பிடுவதைக் குறைத்தது. உப்புநீருக்குப் பதில் சத்துநீரை விட்டார்கள். அதே அளவுதான் குறைத்தது, கூடுதலாக இல்லை. வாசல் மூடியிருக்கும்வரை இரைப்பைக்குச் சத்தும் ஒன்றுதான் சக்கையும் ஒன்றுதான். பிறகு பட்டையைத் தளர்த்தி வாசலைத் திறந்தார்கள். உப்புநீரின் செல்வாக்கு பெருமளவு போய்விட்டது. அது சட்டென்று வெளியேறிவிட்டதே. சத்துநீர் மட்டும் எலியின் பசியைத் தொடர்ந்து அடக்கியது.

சித்தப்பாவின் வாசல் திறந்தே இருந்தது. அவருக்கு ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முழுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் 900 கலோரி என்று வையுங்கள். நிமிடத்துக்கு மூன்று வீதம் கீழே போனால் ஐந்து மணி நேரம். அவர் சாப்பிட்டதோ 400 இருக்கலாம். இரண்டே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தண்ணீர் அதற்கு வெகுமுன்பே சிறுநீர்ப் பை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டவர் இரண்டரைக்குப் பஜ்ஜி தேடியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தண்ணீர் வயிற்றைச் சீக்கிரம் நிரப்பும். நெடுநேரம் நிரப்பி வைக்காது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு சாரார் தண்ணீரைச் சர்வரோக நிவாரணி என்கிறார்கள், இன்னொரு சாரார் எல்லாம் ஏமாற்று என்கிறார்கள்.

அப்படியானால் தண்ணீரை வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கவைக்க வழி இல்லையா? இருக்கிறது, நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வழிதான். ஆனால் அதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து பார்பரா ரோல்ஸ். 1999-இல் வந்த அவருடைய ஆய்வில் 24 பெண்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு அவர்களுக்கு மூன்று நாள் மூன்று விதமாக ஒரு முன்னுணவு. ஒரு நாள் கோழியும் அரிசியும் காய்கறியும் சேர்த்துச் சமைத்த கெட்டி உணவு. இன்னொரு நாள் அதே உணவு, கூடவே 356 கிராம் தண்ணீர் ஒரு டம்ளரில். மற்றொரு நாள் அதே உணவு, அதே 356 கிராம் தண்ணீர், ஆனால் தண்ணீரைச் சமையலிலேயே ஊற்றிச் சூப்பாக்கிக் கொடுத்தார்கள். மூன்றிலும் கலோரி ஒன்றுதான், 270. வயிற்றுக்குப் போன பொருளைப் பார்த்தால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இம்மியும் வித்தியாசம் இல்லை.

பிறகு வந்த மதியச் சாப்பாட்டில் முதல் இரண்டு நாளும் சுமார் 390 கலோரி சாப்பிட்டார்கள். சூப் குடித்த நாளில் 290. டம்ளரில் குடித்த தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை, அதே தண்ணீர் சூப்புக்குள் போனதும் நூறு கலோரியைக் குறைத்துவிட்டது.

காரணம் இரைப்பை ஒரு வடிகட்டியும்கூட. கெட்டி உணவும் தண்ணீரும் தனித்தனியாக வந்தால், தண்ணீர் உணவைச் சுற்றிக்கொண்டு, இரைப்பையின் உட்பக்க வளைவை ஒட்டிச் சறுக்கி நேராக வாசலுக்குப் போய்விடுகிறது. சுண்டல் வடிதட்டில் நீர் இறங்குவதுபோல. அந்த வளைவுக்கு ஜெர்மன் மொழியில் 'வயிற்றுச் சாலை' என்றே ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் மாவுப் பொருளும் காய்கறிக் கூழும் கரைந்து கொழகொழப்பாகிவிட்டால் வடிகட்ட முடியாது. வாசல்காரர் மொத்தத்தையும் உணவு என்றே எண்ணி அளந்து அனுப்புகிறார். நாட்டிங்ஹாம்காரர்கள் 2012-இல் இதையும் படமெடுத்துவிட்டார்கள். கோழியும் காய்கறியும் தண்ணீரோடு சாப்பிட்டபோது இருந்ததைவிட, அதையே அரைத்துச் சூப்பாக்கிக் கொடுத்தபோது இரைப்பை நெடுநேரம் பெரிதாகவே இருந்தது. பசியும் குறைவாகவே இருந்தது.

நம் வீட்டில் இதன் பெயர் கஞ்சி. ஒரு பிடி அரிசியைச் சோறாக்கித் தின்று மேலே ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பதும், அதே பிடி அரிசியை அதே சொம்பு தண்ணீரில் குழையக் கொதிக்கவிட்டுக் குடிப்பதும் அரிசிக் கணக்கில் ஒன்று, வயிற்றுக் கணக்கில் வேறு. அரிசி குறைவாக இருந்த வீடுகளில் உலையில் தண்ணீரைக் கூட்டியதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருந்திருக்காது. கெட்டிச் சோறு தின்று தண்ணீர் குடித்தவனைவிடக் கஞ்சி குடித்தவன் நாற்று நடவில் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான் என்பதை யாரோ பார்த்திருப்பார்கள்.

சரி, வெறும் தண்ணீரால் எடை குறையுமா என்று கேட்காமல் விடமாட்டீர்கள். குறையும், கொஞ்சம். வர்ஜீனியா டெக்கிலேயே 2010-இல் 55 முதல் 75 வயதுக்காரர்கள் 12 வாரம் குறைந்த கலோரி உணவு சாப்பிட்டார்கள். அவர்களில் ஒரு குழு மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் 500 மில்லி தண்ணீர் குடித்தது. அந்தக் குழு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு கிலோ கூடுதலாகக் குறைந்தது. 2015-இல் பர்மிங்ஹாமில் 84 பேரை வைத்துச் செய்ததில் வித்தியாசம் 1.3 கிலோ. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம், தண்ணீர் குடிக்காத குழுவுக்குக் கொடுத்த வேலை. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன்னால் 'என் வயிறு நிறைந்திருக்கிறது' என்று மனதில் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். ஏதாவது ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பே பலனைக் கொடுத்துவிடாதிருக்க இப்படி ஓர் ஏற்பாடு. கற்பனையைவிடத் தண்ணீர் ஜெயித்தது, மூன்று மாதத்தில் ஒன்றேகால் கிலோ வித்தியாசத்தில்.

இரண்டு ஆய்விலும் அரை மணி நேர இடைவெளிதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆகவே பலன் முழுவதையும் சுவர் இழுபடுவதில் கட்டிவிட முடியாது. தண்ணீர் குடித்தவர்கள் வேறு இனிப்புப் பானத்தைக் குறைத்திருக்கலாம், சாப்பாட்டைப் பற்றிய கவனமும் கூடியிருக்கலாம்.

வீட்டில் ஒரு பழைய சண்டை உண்டு. "சாப்பிடறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காதே, செமிக்காது" என்பார் அம்மா. செமிக்காது என்பதில் உண்மை குறைவு. இரைப்பை ஒரு நாளைக்குச் சுரப்பதே ஒன்றரை லிட்டருக்கு மேல். ஒரு டம்ளர் தண்ணீர் அமிலத்தைக் கொஞ்ச நேரம் நீர்க்கச் செய்தாலும், தண்ணீர் போய்விடும், அமிலம் மறுபடி சுரந்துவிடும். ஆனால் 'குடிக்காதே' என்று அவர் யாரிடம் சொன்னார் என்று யோசித்தால் அதில் நியாயம் தெரிகிறது. இரண்டு வாய்க்குமேல் வாங்காத ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு 250 மில்லி டம்ளர் என்பது நமக்குச் சொம்பு. அதைக் குடித்துவிட்டு எழுந்து ஓடிவிடும். மெலிந்துபோன முதியவர்களுக்கும், நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்குச் சோறு முதலில், தண்ணீர் பிறகு. வீட்டில் தாத்தா திடீரென்று சாப்பாட்டைப் பாதியில் வைக்கத் தொடங்கினால், மாத்திரை போடச் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். நாலு மாத்திரைக்கு நாலு டம்ளர் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதயம் பலவீனமானவர்களுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் மருத்துவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று வரம்பு போட்டிருப்பார். சொம்பு வித்தை அவர்களுக்கு ஆகாது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கும் மடமடவென்று அரை லிட்டர் குடிப்பது தொல்லை. நிறைந்த பையிலிருந்து மேலே தெறிக்கும்.

கடைசியாக, தண்ணீரே குடிக்காமல் வயிறு சீக்கிரம் நிறைந்தால் அது வேறு விஷயம். சில மருத்துவமனைகளில் இதற்குத் தண்ணீரை வைத்தே ஒரு சோதனை செய்வார்கள். ஐந்து நிமிடத்துக்குள், இனி முடியாது என்னும்வரை தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். நல்ல வயிறு 600 மில்லியை ஒட்டி இடம் கொடுக்கும். மேல்பகுதி சரியாகத் தளராத இரைப்பை, அல்லது சுவர் லேசாக இழுபட்டதுமே கூச்சல் போடுகிற நரம்புள்ள இரைப்பை, வெகுமுன்பே கையை விரித்துவிடும். நெடுநாள் சர்க்கரை நோயால் வேகஸ் நரம்பு கெட்டவர்களுக்கு இரைப்பை காலியாவதே தாமதமாகும். காலையில் தின்ற இட்லி மாலைவரை இருப்பதுபோலத் தோன்றும். வழக்கமாகச் சாப்பிடுகிற அளவில் பாதிகூட இறங்காமல் வாரக்கணக்கில் இருந்தால், கூடவே எடையும் இறங்கினால், மருத்துவரிடம் போக வேண்டும்.

சித்தப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். தையில் இன்னொரு கல்யாணம் வந்தது. பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இலை ஓரத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்கள். எடுத்துத் தரையில், நாற்காலிக் காலோரமாக வைத்தார். பாயசம் இரண்டாம் முறை வந்து போகும்வரை அதன் மூடி திறக்கப்படவில்லை.